எடுத்துப்போன பார்சல் வேறு, கொடுத்து முடித்த பார்சல் வேறு

கேள்வி: திருப்பூரில் கூரியர் நடத்துகிறேன். 10 ரைடர்கள், எல்லோருக்கும் சொந்த வண்டி, பெட்ரோல் நாங்கள் போடுகிறோம். சம்பளம் 15,000, கொடுத்து முடித்த பார்சலுக்கு 2 ரூபாய் இன்சென்டிவ். மாதம் 25 நாள், ஆளுக்குத் தினம் 60 பார்சல் எடுத்துப் போகிறார்கள், 48 டெலிவரி ஆகும். பெட்ரோல் மாதம் 31,250. ஹப் வாடகை, ஆபீஸில் 2 பேர் சம்பளம், கரண்ட், நெட் எல்லாம் சேர்த்து 48,000. கூட்டிப் பார்த்தால் பார்சலுக்கு 17 ரூபாய்கூட வரவில்லை. கிளையன்ட் டெலிவரி ஆனதற்கு 22 ரூபாய் தருகிறார், ஜிஎஸ்டி தனி. ஆனால் மாதக் கடைசியில் 2,000 ரூபாய் மிஞ்சினால் பெரிது. பையன்களும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. எங்கே ஓட்டை?

பதில்:

முதல் ஓட்டை வகுத்த எண்ணில் இருக்கிறது. சம்பளம் 1,50,000, இன்சென்டிவ் 24,000, பெட்ரோல் 31,250, ஹப் 48,000, மொத்தம் 2,53,250. இதை 15,000ஆல் வகுத்ததால் 16 ரூபாய் 88 பைசா வந்திருக்கிறது. 15,000 என்பது ரைடர்கள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிய எண்ணிக்கை. பணம் வருவது 12,000 பார்சலுக்குத்தான். அதே செலவை 12,000ஆல் வகுத்தால் 21 ரூபாய் 10 பைசா. அதாவது உங்கள் கையில் இருப்பது 5 ரூபாய் லாபம் அல்ல, 90 பைசா. மாதத்துக்கு 10,750 ரூபாய்.

அதிலிருந்தும் நீங்கள் எழுதாமல் விட்ட இரண்டு செலவு போய்க்கொண்டிருக்கும். 10 ரைடர், ஆபீஸில் 2 பேர் என்று 12 பேர் இருப்பதால் ஈஎஸ்ஐ உங்களுக்குப் பொருந்தும். முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஒரு ரைடருக்கு மாதம் 15,000 சம்பளமும் 2,400 இன்சென்டிவும் சேர்த்து 17,400 என்றால் 565 ரூபாய், 10 பேருக்கு 5,650. டெலிவரி ஆப் ஓடுவதற்கு ரைடர் போனுக்கு ரீசார்ஜ் தலைக்கு 300 என்று வைத்தால் 3,000. இரண்டையும் கழித்தால் 2,100 மிஞ்சுகிறது. நீங்கள் சொன்ன 2,000 இதுதான். யாரும் திருடவில்லை, பெட்ரோலும் ஒழுகவில்லை.

இன்னும் பில்லாக வராத இரண்டு செலவு இருக்கிறது. ஒன்று தீபாவளி போனஸ். ஒரு மாதச் சம்பளம் கொடுப்பதாக வைத்தால் 1,50,000. அதை அக்டோபரில் வரும் இடியாக வைத்திருக்காமல் மாதம் 12,500 என்று கணக்கில் ஏற்றுங்கள். இன்னொன்று வண்டித் தேய்மானம். வண்டி ரைடருடையது என்பதால் அது உங்கள் புத்தகத்தில் இல்லை. ஆனால் அவர்கள் மூன்று மாதத்தில் போய்விடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

31,250ஐ 250 ரைடர் நாட்களால் வகுத்தால் ஒரு நாளுக்கு 125 ரூபாய் பெட்ரோல். லிட்டர் 101 ரூபாய் என்றும், பின்னால் மூட்டையோடு நின்று நின்று போகும் வண்டி லிட்டருக்கு 42 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றும் வைத்தால் தினம் 52 கிலோமீட்டர் ஓட்டம். கம்பெனிக்காரர் சொல்லும் மைலேஜை இந்த வேலைக்குப் பிடிக்காதீர்கள். இரண்டு வண்டியில் டேங்க் நிறைய அடித்து, அடுத்த முறை மறுபடி நிறைய அடிக்கும்போது ஓடிய தூரத்தையும் போட்ட லிட்டரையும் குறித்து, மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். அதுதான் உங்கள் மைலேஜ். அப்படிப் பார்க்கும்போது ஒரு ரைடர் மாதம் 1,300 கிலோமீட்டர் உங்களுக்காக ஓட்டுகிறார். ஆயில், டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, சர்வீஸ் கூலி எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வைக்கலாம். 85,000 ரூபாய் வண்டி 60,000 கிலோமீட்டர் ஓடியபின் 25,000க்குப் போகும் என்றால் மதிப்பில் விழுவது கிலோமீட்டருக்கு இன்னொரு ரூபாய். ஆக மாதம் 2,600 ரூபாய் அவருடைய பையிலிருந்து போகிறது. 17,400 வாங்குகிறவர் உண்மையில் 14,800க்கு வேலை பார்க்கிறார். முதல் இரண்டு மாதம் இது தெரியாது. டயரும் செயினும் ஒன்றாகக் கேட்கும் மாதத்தில் தெரியும், அந்த மாதம்தான் ஆள் வேலையை விடுகிறார். புது ஆள் வந்தால் தெரு பழகும்வரை குறைவாகத்தான் கொடுப்பார். அந்த இழப்பு உங்களுடையது. இந்த 26,000ஐ ரைடர்களுக்கு வண்டிப் படியாகக் கொடுத்துவிடுவதே சரி. கொடுக்கிறீர்களோ இல்லையோ, செலவுக் கணக்கில் அது இருக்கவேண்டும்.

எல்லாம் சேர்த்தால் மாதச் செலவு 3,00,400. 12,000 டெலிவரிக்கு வகுத்தால் 25 ரூபாய் 3 பைசா. நீங்கள் வாங்குவது 22. உங்கள் சம்பளம் இதில் எங்குமே இல்லை. மாதம் 20,000 எடுத்துக்கொள்வதாக வைத்தால் அதற்கு டெலிவரிக்கு இன்னும் 1 ரூபாய் 67 பைசா.

இனி இந்தச் செலவை எதன்மேல் பரப்புவது என்று பார்க்கலாம். ரைடர் சம்பளம், பெட்ரோல், வண்டி, ஹப் இவையெல்லாம் பார்சலை எடுத்துக்கொண்டு போவதற்கான செலவு. வாடிக்கையாளர் கதவைத் திறந்தாலும் பூட்டியிருந்தாலும் ஆகும். இன்சென்டிவ் மட்டும்தான் கொடுத்து முடித்தால் ஆகும் செலவு. ஆகவே இரண்டையும் பிரிக்கவேண்டும். 24,000 இன்சென்டிவை விலக்கினால் மீதி 2,76,400. அதை 15,000 முயற்சிக்கு வகுத்தால் ஒரு முயற்சிக்கு 18 ரூபாய் 43 பைசா. இங்கே 15,000ஆல் வகுப்பது சரி, ஏனென்றால் இது முயற்சியின் விலைதான், டெலிவரியின் விலை அல்ல. டெலிவரியின் விலைக்கு இன்னொரு படி உண்டு: முயற்சி விலையை வெற்றி விகிதத்தால் வகுத்து 2 ரூபாய் சேர்க்கவேண்டும். 80 சதவீதம் வெற்றி என்றால் 18.43ஐ 0.80ஆல் வகுத்தால் 23.04, அதோடு 2 சேர்த்தால் 25.04. மொத்தத்தை வைத்து வந்த அதே எண்தான், பைசா முழுமையாக்கத்தில் ஒரு பைசா தள்ளி நிற்கிறது.

இப்படிப் பிரித்து வைத்தால் எதைப் பிடித்து இழுத்தால் விலை அசையும் என்று தெரியும். பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் ஒரு ரைடருக்கு நாளுக்கு 6 ரூபாய் 20 பைசா கூடும், 48 டெலிவரிக்குப் பங்கிட்டால் தலைக்கு 13 பைசா. அதே நேரத்தில் அந்த ரைடருக்குத் தினம் ஒரே ஒரு பார்சல் கூடுதலாகத் தோற்று, 48 என்பது 47 ஆனால் டெலிவரி விலை 49 பைசா ஏறுகிறது. பெட்ரோல் விலையைப் பார்த்துக் கவலைப்படும் அளவுக்கு ஆபீஸில் பூட்டிய கதவைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. பணம் போவது அங்கேதான்.

தோற்ற முயற்சி, ஜெயித்த முயற்சியைவிட மலிவு என்று நினைப்பது வழக்கம். பணம் எண்ணவேண்டாம், ஓடிபி கேட்கவேண்டாம் என்பதால். உண்மையில் நேரம் அதிகம். ரைடரின் 8 மணி நேரத்தில் காலையில் ஸ்கேன் செய்து அடுக்க 45 நிமிடம், ஹப்பிலிருந்து ஏரியாவுக்குப் போய்வர 50 நிமிடம், மாலையில் பணம் கட்டி மீதிப் பார்சலை ஒப்படைக்க 35 நிமிடம். தெருவில் மிஞ்சுவது 350 நிமிடம். கொடுத்து முடிக்கும் பார்சலுக்கு முந்தைய வீட்டிலிருந்து வருவதும் சேர்த்து ஐந்தரை நிமிடம் போகிறது என்று வைத்தால், 48க்கு 264 நிமிடம். மீதி 86 நிமிடம் 12 தோல்விக்கு, ஏறத்தாழ ஏழு நிமிடம். கதவைத் தட்டி, போன் அடித்து, எடுக்கவில்லை என்று மறுபடி அடித்து, பக்கத்து வீட்டில் கேட்டு, ஆப்பில் காரணம் போட்டு, பையில் மறுபடி அடுக்குவது வரைக்கும் அந்த ஏழு நிமிடம். இந்த நிமிடங்களை ஒரு ரைடரோடு நான்கு நாள் ஆள் அனுப்பி, கடிகாரம் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். காங்கேயம் ரோட்டுக்கும் அனுப்பர்பாளையத்துக்கும் ஒரே எண் வராது.

ஒரு ரைடருக்கு ஒரு நாளுக்குச் சம்பளம், ஈஎஸ்ஐ, ரீசார்ஜ், போனஸ் சேர்த்து ஆகும் செலவு, இன்சென்டிவ் நீங்கலாக, 685 ரூபாய். 350 நிமிடத்துக்கு வகுத்தால் தெருவில் ஒரு நிமிடம் 1 ரூபாய் 96 பைசா. தோற்ற முயற்சிக்கு ஆள் நேரம் 13 ரூபாய் 70 பைசா, பெட்ரோலும் வண்டியும் 3.80, ஹப் 3.20, ஆக 20 ரூபாய் 70 பைசா. கொடுத்து முடித்த முயற்சிக்கு இன்சென்டிவோடு சேர்த்து 19 ரூபாய் 80 பைசா. மூன்று தடவை எடுத்துப்போய் மூன்று தடவையும் தோற்று, அனுப்பியவருக்கே திரும்பும் பார்சலில் 62 ரூபாய் கரைந்திருக்கும். வருமானம் பூஜ்யம்.

இந்த 20 ரூபாய் 70 பைசாவைப் புரிந்துகொள்வதில் ஒரு எச்சரிக்கை. ஒரு தோல்வியைத் தவிர்த்தால் அன்றே உங்கள் பெட்டியில் 20 ரூபாய் விழாது. ரைடர் சம்பளம் மாறாது. உடனே மிஞ்சுவது கொஞ்சம் பெட்ரோல்தான். உண்மையில் கிடைப்பது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் வேறு பார்சல் கொடுத்தால்தான் பணம். ஒரு ரைடருக்குத் தினம் 12 தோல்வியை 6 ஆக்கினால் 42 நிமிடம் மிஞ்சும், அதே 350 நிமிடத்தில் 56 கொடுத்து 6 தோற்கலாம். அப்போது ஓட்டம் அதே 52 கிலோமீட்டர் என்று வைத்தால் டெலிவரி விலை 21 ரூபாய் 75 பைசாவுக்கு இறங்கும். ஆனால் அதற்குக் கூடுதல் பார்சல் வரவேண்டும். வரத்து இப்போதுள்ளபடியே இருந்தால், அடுத்து ஒரு ரைடர் வேலையை விடும்போது அவர் இடத்துக்கு ஆள் எடுக்காமல் 9 பேரோடு ஓட்டுங்கள். அதே 12,000 டெலிவரி 23 ரூபாய் 14 பைசாவுக்கு முடியும். இரண்டில் ஒன்றும் செய்யாமல் தோல்வியை மட்டும் குறைத்தால் பையன்கள் ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள், உங்கள் கணக்கு அப்படியே இருக்கும்.

தோல்வியைக் குறைக்க முதலில் காரணத்தைப் பிரிக்கவேண்டும். ஆப்பில் பெரும்பாலும் எல்லாமே "வாடிக்கையாளர் இல்லை" என்றுதான் விழும். அதற்குள்ளே வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கும். நான் முதலில் தனியாக எடுத்து வைக்கச் சொல்வது, நேரம் போதாமல் போகாத பார்சலை. 60 எடுத்துக் கிளம்பி 53 வீட்டுக்குப் போய், மீதி 7 பார்சலை மாலையில் ஒரேயடியாக "இல்லை" என்று அடித்துவிடுவது. அது தோற்ற முயற்சி அல்ல, ஏற்றிய சுமை அதிகம் என்பதற்கான அடையாளம். கண்டுபிடிப்பது எளிது. ஒரு ரைடரின் தோல்விகளின் நேரத்தை வரிசையாகப் பாருங்கள். காலை 10 முதல் மாலை 6 வரை சிதறியிருந்தால் நிஜம். ஐந்தே முக்காலுக்கு ஐந்து நிமிடத்துக்குள் ஏழு விழுந்திருந்தால், அந்த ஏழு வீட்டுக்கும் யாரும் போகவில்லை. அழைப்புப் பதிவில் மணி அடித்த நேரம் மூன்று நான்கு நொடிதான் இருக்கும். ஏழு பார்சலும் ஒரே இடத்து இருப்பிடத்தில் பதிவாகியிருக்கும். இதற்காக ரைடரைத் திட்டுவதற்கு முன் அந்த ரூட்டுக்கு 60 தாங்குமா என்று பாருங்கள். தோல்விக்குச் சம்பளம் பிடிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பிடிக்க ஆரம்பித்தால் தோல்வி குறையாது. காரணம் மட்டும் மாறும், அல்லது பார்சல் யாரோ ஒருவர் கையில் கொடுக்கப்பட்டுப் புகார் வரும்.

மீதமுள்ள நிஜத் தோல்வியில் திருப்பூருக்கே உரிய இரண்டு காரணம் இருக்கும். லைன் வீடுகளில் கணவன் மனைவி இருவரும் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். காலை எட்டரைக்குப் போனவர்கள் ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார்கள். நீங்கள் 11 மணிக்கு அங்கே நிற்பதில் பயன் இல்லை, நாளை 11 மணிக்கு நின்றாலும் இல்லை. இரண்டாவது, கேஷ் ஆன் டெலிவரி. வாரச் சம்பளம் சனிக்கிழமை வாங்குகிறவரிடம் வியாழக்கிழமை 800 ரூபாய் இருக்காது. "நாளைக்கு வாங்க" என்பார், வெள்ளிக்கிழமையும் அதையே சொல்வார், மூன்றாவது முயற்சி முடிந்து சனிக்கிழமை காலை பார்சல் ரிட்டர்னில் போகும். பணம் கையில் வருகிற மாலைக்குச் சில மணி நேரம் முன்னால். இந்த மாதிரிப் பார்சலை மறுநாள் மறுபடி எடுத்துப்போகும் வழக்கத்தை நிறுத்தி, சனி மாலைக்கோ ஞாயிறு காலைக்கோ ஒதுக்கி வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. கிளையன்ட் எத்தனை நாள் வைத்திருக்க அனுமதிக்கிறார் என்று மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் ஆள் இல்லாத வீடுகளுக்கு இரண்டு வழி. ஒரு ரைடரின் வேலை நேரத்தை மதியத்திலிருந்து இரவு ஒன்பது வரை மாற்றி, லைன் வீட்டுப் பார்சல்களை அவருக்கே கொடுப்பது. இல்லையென்றால் முன்பணம் கட்டிய பார்சலாக இருந்தால், வாடிக்கையாளரிடம் போனில் கேட்டு, அந்த லைன் வாசலில் உள்ள மளிகைக்கடையில் கொடுப்பது. கடைக்காரருக்குப் பார்சலுக்கு 5 ரூபாய் கொடுத்தாலும், 20 ரூபாய் 70 பைசா தோல்வியோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குதான். ஓடிபி வாங்காமல் கடையில் வைக்கவேண்டாம். தொலைந்தால் பொருளின் விலை உங்கள் தலையில்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது ஒரு போன். முந்தைய நாள் தோற்ற பார்சல் தினமும் உங்களிடம் நூறுக்கு மேல் இருக்கும், 3,000ஐ 25ஆல் வகுத்தால் 120. அவற்றை மறுபடி ரைடர் பையில் போடுமுன் காலை ஏழே முக்காலிலிருந்து ஆபீஸிலிருந்து அழையுங்கள். வேலைக்குக் கிளம்புமுன் பிடிக்கவேண்டும் என்பதால் அந்த நேரம், அதற்கேற்ப ஆபீஸ் ஆள் ஒருவரின் வேலை நேரத்தை முன்னே தள்ளுங்கள். அழைப்புக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 100 அழைப்புக்கு இரண்டரை மணி நேரம். எட்டரைக்குள் ஒருவரால் முடிந்தது 30 அழைப்பு, இருவராக உட்கார்ந்தால் 60. மீதியை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு விடுங்கள், அந்தப் பார்சல்கள் மாலை ரைடருக்குப் போகட்டும். மாதம் 14,000 வாங்குகிறவருக்கு மணிக்கு 70 ரூபாய் விழும். ஆக இந்த வேலைக்கு நாளுக்கு 175 ரூபாய். 100 அழைப்பில் 9 தோல்வி தவிர்ந்தாலே கட்டுப்படியாகும். போனை எடுக்காதவருடைய பார்சலை அன்று ஏற்றாமல் வைப்பதும் தவிர்த்த தோல்விதான் என்பதால் 9ஐத் தாண்டுவது கடினம் இல்லை. கேட்கவேண்டியது மூன்றே: இன்று எத்தனை மணிக்கு இருப்பீர்கள், பணம் தயாரா, வீட்டுக்கு அருகே என்ன அடையாளம். பதிலைப் பார்சல் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஆப்பில் மட்டும் போட்டால் ரைடர் பார்ப்பதில்லை.

அடுத்து, சராசரியை நம்பவேண்டாம். தினம் ஒரு ரைடருக்கு ஒரு வரி என்று ஷீட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: A தேதி, B ரைடர், C ரூட், D எடுத்துப்போனது, E கொடுத்தது, F ஓடிய கிலோமீட்டர். காலையும் மாலையும் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் F சரியாக வரும். G கட்டத்தில் இது:

```
=(685+192+F2*4.4+E2*2)/E2
```

685 ரைடரின் ஒரு நாள் செலவு. 192 என்பது ஹப் செலவு 48,000ஐ 250 ரைடர் நாட்களால் வகுத்தது. 4.4 என்பது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 2.40, வண்டி 2 ரூபாய். நகர ரூட்டில் 52 கிலோமீட்டர், 48 டெலிவரி போட்டால் 25.04 வரும். பல்லடம் தாண்டிக் கிராமங்களுக்குப் போகும் ரூட் ஒன்று இருந்து, அதில் 90 கிலோமீட்டர் ஓடி 30தான் கொடுக்கிறார் என்றால் 44 ரூபாய் 43 பைசா. அதற்கும் 22தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்த ரூட்டின் ஒவ்வொரு பார்சலிலும் வாங்குவதைப்போல் இன்னொரு மடங்கு கைவிட்டுப் போகிறது. பெட்ரோல் விலையோ சம்பளமோ மாறினால் மூன்று எண்ணையும் திருத்துங்கள், ரைடர் எண்ணிக்கை குறைந்தால் 192 ஏறும் என்பதை மறக்கவேண்டாம்.

கிளையன்ட் வாரியாகவும் வெற்றி விகிதம் எடுங்கள். முயற்சி விலை 18.43 எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கேஷ் ஆன் டெலிவரித் துணி அனுப்புகிறவரின் பார்சல் 70 சதவீதம்தான் முதல் போக்கில் ஜெயிக்கிறது என்றால் அவருக்கு டெலிவரி விலை 28 ரூபாய் 33 பைசா. கம்பெனிக் கடிதமும் சாம்பிளும் அனுப்பி 92 சதவீதம் ஜெயிக்கிற கிளையன்டுக்கு 22 ரூபாய் 3 பைசா. இரண்டு பேருக்கும் ஒரே விலை சொன்னால் இரண்டாமவர் வேறு கூரியருக்குப் போவார், முதலாமவர் உங்களிடமே தங்குவார்.

விலை பேசப் போகும்போது எல்லாத் தோல்வியும் உங்களுடையது அல்ல என்பதைக் கையில் தாளோடு காட்டவேண்டும். தவறான போன் நம்பர், கதவு எண் இல்லாத முகவரி, வாடிக்கையாளரே வேண்டாம் என்று மறுத்தது ஆகிய மூன்றும் அனுப்பியவர் பக்கத்துத் தோல்வி. மாதம் வரும் 12,700 பார்சலில் 700 திரும்பிப் போகிறது, அவை சராசரி 2.4 முறை தெருவுக்குப் போகின்றன என்று வைத்தால் கிட்டத்தட்ட 1,700 முயற்சி, 35,000 ரூபாய். இதற்கு இப்போது ஒரு ரூபாய்கூட வரவில்லை. ரிட்டர்ன் பார்சலுக்கு 20 ரூபாய் கேளுங்கள். ஒரு முயற்சியின் விலையைத்தான் கேட்கிறீர்கள், மீதியை நீங்களே சுமக்கிறீர்கள் என்று சொன்னால் நியாயம் அவருக்கும் தெரியும். டெலிவரிக்கு 27, ரிட்டர்னுக்கு 20 என்று முடிந்தால் மாத வரவு 3,38,000. செலவு 3,00,400 போக 37,600. உங்கள் சம்பளம் 20,000 எடுத்தபின் 17,600 நிற்கும், வரவில் ஐந்து சதவீதம். அதிகம் இல்லை. ஆனால் ரைடருக்கு வண்டிப் படியும் தீபாவளி போனஸும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

கிளையன்ட் 27க்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் 25க்குக் கீழே இறங்காதீர்கள். இறங்கியே ஆகவேண்டும் என்றால், மூன்றாவது முயற்சிக்குத் தனிக் கட்டணம் அல்லது இரண்டு முயற்சியோடு ரிட்டர்ன் என்று எழுதி வாங்குங்கள், பல்லடம் பக்கத்துப் பின்கோடுகளைத் தனி விலையில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதம் இல்லையென்றால் அந்தக் கிளையன்டின் பார்சல்களை இரண்டு மாத நோட்டீஸில் விட்டுவிடலாம். அதற்கு முன் அவருடைய பார்சல் போனால் எத்தனை ரைடர் குறையும் என்று கணக்கிடுங்கள். தினம் 120 பார்சல் போனால் இரண்டு பேர் குறைவார்கள், சேமிப்பு உண்மை. ஒவ்வொரு ரூட்டிலும் ஆறு ஆறாகக் குறைந்தால் ஒருவரும் குறையமாட்டார், மிஞ்சிய பார்சல்களின் விலைதான் ஏறும்.